ஓரம் கொதிக்கிறது, நடு சில்லிட்டிருக்கிறது: மைக்ரோவேவ் பழுதா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய 800 வாட் மைக்ரோவேவ் அடுப்பில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோற்றைச் சூடாக்கினால் ஓரமெல்லாம் காய்ந்து கொதிக்கிறது, நடுவில் சில்லென்றே இருக்கிறது. காய்கறியை வேகவைத்தாலும் பாதி குழைந்தும் பாதி பச்சையாகவும் வருகிறது. அடுப்பில் கோளாறா? இன்வெர்ட்டர் வகைக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. புதிய அடுப்பும் இதே பாத்திரத்தில், இதே முறையில் வைத்த சோற்றை ஏறத்தாழ இப்படித்தான் சூடாக்கும். பணம் செலவழிக்கும் முன் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுப்புக்குள் பாயும் நுண்ணலைகள் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பி, ஒன்றோடொன்று கலக்கின்றன. சில இடங்களில் அவை சேர்ந்து வலுவடைகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. வீட்டு அடுப்புகளில் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர் என்பதால், வலுவான இரண்டு இடங்களுக்கு நடுவே பொதுவாக 6 சென்டிமீட்டர் அளவு இடைவெளி இருக்கும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, நடுவில் உள்ள அச்சை ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, அதன் மேல் ஒரு தட்டில் பெரிய சாக்லேட் பாளத்தை அசையாமல் வைத்து, சுமார் 20 வினாடி ஓட்டுங்கள். பாளம் முழுவதும் ஒரே சீராக உருகாது. அங்கங்கே சிறு குழிகளாக இளகியிருக்கும், அவற்றுக்கு இடையில் சாக்லேட் கெட்டியாகவே இருக்கும். உங்கள் சோற்றின் மேல் நடப்பதும் இதுதான். சுழலும் தட்டு உணவை இந்த இடங்களின் ஊடாகக் கொண்டுசெல்கிறது. ஆனால் தட்டின் நட்டநடுவில் இருப்பது சுற்றினாலும் இடம் மாறுவதில்லை. அதனால் சிறிய கிண்ணமாக இருந்தால் அதை மையத்தில் வைக்காமல் விளிம்பை ஒட்டி வைப்பது நல்லது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. நுண்ணலைகள் உணவை உள்ளிருந்து சூடாக்குகின்றன என்பது பரவலான தவறான நம்பிக்கை. பெரும்பாலான உணவுகளில் அவை மேலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தம் ஆற்றலில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகின்றன. அதற்கும் உள்ளே இருப்பது, வெளிப்புறத்தின் சூடு மெல்ல மெல்லப் பரவினால்தான் சூடாகும். உங்கள் கிண்ணத்தில் சோறு குவியலாக இருந்தால், ஓரம் கொதித்துக் காயும் நேரத்தில் சூடு நடுவை எட்டியே இருக்காது. இதில் பனிக்கட்டியாக உறைந்த பகுதி இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பனி நுண்ணலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சும், நீர் நன்றாக உறிஞ்சும். ஆக, முதலில் உருகிய இடம் மேலும் மேலும் சூடாகிக்கொண்டே போகும், உறைந்த இடம் அப்படியே கிடக்கும்.

எனவே செய்ய வேண்டியது மூன்று: உணவைத் தட்டையாகப் பரப்புவது, நீராவியை உள்ளே அடைத்து வைப்பது, சூடு பரவ நேரம் கொடுப்பது. உங்கள் சோற்றையே எடுத்துக்கொள்வோம்.

சுமார் 300 கிராம் சோற்றை அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, கட்டிகளை விரலாலோ முள்கரண்டியாலோ உதிர்த்து, 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நடுவில் ஒரு பள்ளம் விடுங்கள். குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகியிருப்பதால்தான் அது விறைப்பாக இருக்கிறது. அது மீண்டும் இளக, சூட்டோடு ஈரமும் வேண்டும். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரைப் பரவலாகத் தெளித்து, மூடியைச் சிறிது இடைவெளி விட்டு வையுங்கள். முழு ஆற்றலுக்குப் பதிலாக 70 சதவீதத்தில் 2 நிமிடம் ஓட்டிவிட்டு, வெளியோரச் சோற்றை நடுவுக்கும் நடுச் சோற்றை ஓரத்துக்கும் மாற்றிக் கிளறுங்கள். மேலும் ஒன்றரை நிமிடம் ஓட்டி, மூடியைத் திறக்காமல் 2 நிமிடம் அப்படியே விடுங்கள். இந்த 2 நிமிடத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் நடுப்பகுதி சூடேறும் நேரம் அதுதான். பிறகு நடுவில் கரண்டியால் கிளறிப் பாருங்கள், அங்கிருந்தும் ஆவி எழ வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 74 பாகை செல்சியஸ் காட்டும் வரை சூடாக்குங்கள்.

சோற்றில் இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்கும். அந்த நச்சுகளில் வாந்தியை உண்டாக்கும் வகை, எவ்வளவு நன்றாகச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே வடித்த ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிடுங்கள். நெடுநேரம் வெளியே இருந்த சோற்றை அடுப்பு காப்பாற்றாது.

காய்கறிக்கும் இதே நெறிதான், ஆனால் தண்ணீர் அளவில் பலர் தவறுகிறார்கள். அரைக் கப் தண்ணீர் ஊற்றினால் ஆற்றலில் கணிசமான பங்கு அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே போய்விடும், காய் வேக நேரமாகும். கால் கிலோ காலிஃபிளவருக்கோ காரட்டுக்கோ இரண்டு மேசைக்கரண்டி போதும், அலசிய காயில் ஒட்டியிருக்கும் ஈரமும் உதவும். துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். பூவும் தண்டும் கலந்த காயாக இருந்தால், தடித்த தண்டுகள் வெளிவட்டத்தில், மெல்லிய பூக்கள் நடுவில் வரும்படி அடுக்குங்கள். மூடி, முழு ஆற்றலில் 3 நிமிடம், ஒரு முறை கிளறி மேலும் ஒரு நிமிடம், பிறகு மூடியபடியே 2 நிமிடம். காரட் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்பே தூவினால் உப்பு பட்ட இடம் அதிக ஆற்றலை ஈர்த்து உலர்ந்து தோலாகிவிடும். மூடியைத் திறக்கும்போது அதை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறங்கள், அந்த ஆவி கையைச் சுட்டுவிடும்.

இன்வெர்ட்டர் பற்றி: சாதாரண அடுப்பில் 50 சதவீதம் என்று வைத்தால், அது சில வினாடி முழு வேகத்தில் ஓடி, சில வினாடி நின்று, அப்படி மாறி மாறி இயங்கும். இன்வெர்ட்டர் அடுப்பு ஆற்றலையே குறைத்துத் தொடர்ந்து ஓடும். உறைந்ததை இளக்கவும், கெட்டியான குழம்பைத் தெறிக்காமல் சூடாக்கவும் அது நிச்சயம் மேல். ஆனால் அலைகள் வலுத்தும் தணிந்தும் விழும் பாங்கு அதிலும் உண்டு, குவியலின் நடுவுக்கு அதுவும் எட்டாது. இதற்காக மட்டும் மாற்றுவது வீண் செலவு.

அடுப்பின் வலு குறைந்துவிட்டதா என்ற ஐயம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு ஆற்றலில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, கிளறி மறுபடி அளக்கவும். ஏறிய பாகைகளை 35-ஆல் பெருக்கினால் தோராயமான வாட் கிடைக்கும். உங்கள் 800 வாட் அடுப்பில் 20 முதல் 23 பாகை வரை ஏறினால் அது நலமாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை செய்தும் 15-ஐத் தாண்டவில்லை என்றால், அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பழுது நீக்கும் மையத்துக்குத் தெரிவியுங்கள்.