ஹோஸை அடைப்பது பஞ்சு மட்டும் இல்லை

"ஐயா, நாங்கள் கோண்டாவிலில். வோஷிங் மெஷின் தண்ணீரை அரை இஞ்சி ஹோஸில் 25 அடி கொண்டுபோய் வாழைக்கும் கத்தரிக்கும் விடுகிறோம். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அடைக்கிறது, வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிறக் களி. கடையில் பில்டரும், ஹோஸ் கழுவ அசிட்டும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. அந்தக் களியை விரலால் தேய்த்துப் பாருங்கள், மெழுகுதிரி மாதிரி வழுக்கினால் அது தனிப் பஞ்சு இல்லை. எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கொலரில் தேய்க்கிற கட்டிச் சவர்க்காரம் அதிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசினாகிறது, உடுப்பில் கழன்ற பஞ்சு அதில் ஒட்டுகிறது. சின்னக் கண் பில்டரும் அதே பிசினால் அடைபடும், பிறகு மெஷினின் பம்ப்தான் திணறும். அசிட்டை விற்கிறவர், ப்ளீச் மிச்சமுள்ள ஹோஸில் அதை ஊற்றினால் நச்சுவாயு வரும் என்று சொல்லித்தான் விற்கிறாரா?

மெஷின் ஹோஸை நேரே தோட்டத்துக்கு இழுக்காமல், மெஷினை விட உயரம் குறைந்த ஒரு பீப்பாய்க்குள் விடுங்கள். ஹோஸ் நுனியில் பழைய நைலோன் காலுறை ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு முறையும் கழற்றி உதறுங்கள். பீப்பாயின் அடியில் இருந்து நாலு விரல் உயரத்தில் பைப் வைத்து, ஒரு மணித்தியாலம் மண்டி அடைந்த பிறகு, ஒரு இஞ்சி ஹோஸில் சரிவாகத் திறந்து விடுங்கள். அன்றைக்கே முடித்துவிட வேண்டும், அடுத்த நாள் நாறும். சொட்டுநீர்க் குழாயில் மட்டும் இதை விடாதீர்கள்.

சரி, நீங்கள் கேட்காததுக்கு வருகிறேன். என்ன சலவைத்தூள், எவ்வளவு போடுகிறீர்கள்? ஹோஸை மாற்றலாம், செம்மண்ணை மாற்ற முடியாது. சலவைத்தூளில் சோடாக்காரம் இருக்கிறது, பலதில் பாரத்துக்காகச் சேர்த்த சோடியம் உப்பும் இருக்கிறது. பெட்டியில் "தோட்டத்துக்குப் பாதிப்பில்லை" என்று போட்டிருப்பதை நான் நம்புவதில்லை. சோடியம் மண்ணில் சேரச் சேர மண் இறுகும், முன்பு உடனே இறங்கிய தண்ணீர் பாத்தியில் நிற்கும், காய்ந்தால் மேலே ஓடு மாதிரிப் பிடிக்கும். கத்தரி இலையின் ஓரம் கருகத் தொடங்கினால் நோய் என்று மருந்தடிக்க ஓடாதீர்கள், முதலில் இந்தத் தண்ணீரை நிறுத்துங்கள்.

திரவச் சவர்க்காரத்துக்கு மாறுங்கள், அதில் சோடியம் பொதுவாகக் குறைவு. தூள்தான் என்றால் சவர்க்காரத் தண்ணீரைக் கானில் விட்டு, அலசிய தண்ணீரை மட்டும் பீப்பாயில் பிடியுங்கள். ப்ளீச் போட்டதும் குழந்தையின் மலத்துணி தோய்த்ததும் தோட்டத்துக்கு வரவே கூடாது. வாழையைச் சுற்றிப் பாத்தி கட்டி, பொச்சுமட்டை பரப்பி அதற்குள் விடுங்கள், மிச்சப் பஞ்சு அதிலேயே நிற்கும். கத்தரிக்கு இலையில் படாமல் அடியில், அதுவும் ஒன்றுவிட்ட தடவை, நடுவில் ஒருமுறை கிணற்றுத் தண்ணீர். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

அப்புறம், கிணற்றடி வாழைக்கு இதை விடவே வேண்டாம். எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்புள்ள கல், அங்கே ஊற்றுகிறது கிணற்றுக்கே திரும்பி வரும்.