மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை மூன்று கேமராவில் எடுக்கிறோம், எந்த இடத்தில் கட் செய்தால் ஆட்டம் கெடாது?

வர்ணத்தை வைத்தே சொல்கிறேன். மார்க்கம் என்கிற கச்சேரி வரிசையில் அதுதான் நீளமான உருப்படி, வீடியோ சொதப்புவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு கேமரா அரங்கின் நடுவில், ஆடுபவரின் இடுப்பு உயரத்தில் நிற்கட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் விரல்நுனி வெட்டுப்படக் கூடாது, பாதத்துக்குக் கீழே கொஞ்சம் தரையும் தெரிய வேண்டும். பால்கனியிலிருந்து எடுத்தால், முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியின் ஆழமே தெரியாது. தாழ்வாக வைத்தால் மேடை விளிம்பு காலை மறைத்துவிடும்.

நான் நடுக் கேமராவில் நின்ற ஒரு அரங்கேற்றத்தில் லைவ் மிக்ஸிங் செய்தவர், மூன்று வேகத்தில் ஆடும் ஜதியான திரிகால தீர்மானத்தில் மூன்றாம் காலம் வந்ததும் சட்டென்று முகத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண் வருஷக்கணக்கில் உழைத்ததே அந்த வேகத்தில் கால் எப்படி விழுகிறது என்பதற்காகத்தான், திரையில் காலே இல்லை! நல்லவேளை, ஒவ்வொரு கேமராவும் தன் கார்டில் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்ததால் நான் முழுவதையும் மறுபடி எடிட் செய்தேன். ஜதி தொடங்கியதிலிருந்து அதை முடிக்கும் அருதி வரை நடுக் கேமராவை விட்டு நகரவில்லை. கடைசித் தட்டு விழுந்து, உடம்பு அந்த நிலையிலிருந்து விடுபட்டு, பாடல் வரியான சாகித்தியத்துக்குத் திரும்புகிற அசைவில்தான், கிட்டத்தில் எடுக்கும் இரண்டாவது கேமராவுக்கு மாறினேன். தட்டு விழும்போதே மாற்றினால் அந்த முடிவு கண்ணில் நிற்காது.

இன்னொன்று, ஒரு அடவை வலப்பக்கம் செய்து இடப்பக்கமும் முடிக்கும்வரை கட் வேண்டாம். நடுவில் பக்கவாட்டுக் கேமராவுக்குத் தாவினால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்ததா என்று பார்க்கிறவரால் சொல்லவே முடியாது. அந்த மூன்றாவது கேமராவிலும் முழு உடம்புதான். ஒரு அடவுக் கோர்வை முடிந்து அடுத்தது எடுக்கும் இடைவெளியில் அதற்குப் போகலாம்.

குளோசப்பே கூடாதா என்று சண்டைக்கு வராதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. சாகித்திய வரியில் கண் தெரியத்தான் வேண்டும். ஆனால் கை போகும் இடத்துக்குத்தான் கண்ணும் போகிறது, அதனால் இடுப்புக்கு மேலே இரண்டு கையும் விரிந்தாலும் அடங்குகிற அளவுக்கு விட்டு எடுங்கள். முகம் மட்டும் என்றால் பாதி அர்த்தம் போய்விடும்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: பூ அலங்காரத்துக்கும் ஆல்பத்துக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள், எடிட்டிங்குக்குத் தனிக் கூலி கேட்டால் மட்டும் 'சும்மா ஒட்டிக் கொடுங்க' என்கிறார்கள். இப்படிக் கட் செய்ய மொத்தக் கச்சேரியையும் ஒவ்வொரு கேமராவிலும் தாளம் போட்டுப் பார்த்தாக வேண்டும், அது ஒரு மாலையில் முடிகிற வேலை இல்லை.

சரி, ஒத்திகையை ஃபோனில் எடுத்து வைத்து, தீர்மானங்கள் எங்கெங்கே முடிகின்றன என்று ஜதி சொல்லும் நட்டுவனாரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மூன்று கேமராக்காரர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.