வீட்டிலிருந்தே ஆன்லைன் தேர்வு: கரண்ட், அறை, லேப்டாப்

ஏற்காட்டில் அடிக்கடி கரண்ட் போகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதுமா?

லேப்டாப்புக்குப் பேட்டரி இருப்பதால் கவலையில்லை. சிக்கல் மோடத்தில்தான். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த நொடியில் மோடம் அணைந்துவிட்டால், அது மறுபடி எழ ஓரிரு நிமிடமாகும். அதற்குள் கண்காணிப்பாளரின் திரையிலிருந்து நீங்கள் மறைந்துவிடுவீர்கள். பல இன்வெர்ட்டர்களில் ‘யூபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். மெயின் சுவிட்சை அணைத்து, மோடத்தின் விளக்குகள் அணைகிறதா என்று பாருங்கள்.

அணைந்தால் மோடத்துக்கென்று ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்ப் என்றிருந்தால் அதிகபட்சச் செலவு 12 வாட். யூபிஎஸ்ஸிலிருந்து உண்மையில் 30 வாட்-மணி கிடைத்தாலே இரண்டரை மணி நேரம் ஓடும். வோல்ட் பொருந்தாததை மட்டும் மாட்டாதீர்கள்.

இத்தனை செய்தும் நெட் போகலாம். கரண்ட் இல்லாதபோது மோடத்தில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தால், நெட் வரும் வழியில் கேபிள்காரரின் கருவி அணைந்திருக்கக்கூடும். உங்கள் யூபிஎஸ் அதற்கு ஒன்றும் செய்யாது. அப்படியானால் மலையிறங்கி சேலத்தில் உறவினர் வீட்டில் எழுதுவதே நல்லது. மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் பல தேர்வு நிறுவனங்கள் விரும்புவதில்லை. தேதி எடுக்கும் முன் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பையும் பாருங்கள்.

அம்மாப்பேட்டையில் வீடு. பக்கத்தில் தறிச் சத்தம். ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமா?

பெரும்பாலான தேர்வுகளில் கூடாது, காது திறந்திருக்க வேண்டும். ஒரே சீராக ஓடும் தறிச் சத்தத்தைவிட மனிதக் குரல்தான் ஆபத்து: யாரோ விடை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். கேள்வியை நீங்களே முணுமுணுத்துப் படித்தாலும் எச்சரிக்கை வரும். தெருப்பக்கம் இல்லாத அறையாக எடுத்து, கதவை உள்ளே தாழிடுங்கள். வெறுமனே சாத்தி வைத்த கதவைக் குழந்தை தள்ளிக்கொண்டு வந்தால், அந்த ஒரு நிமிடத்துக்கே தேர்வு ரத்தாகலாம். மேசைமேல் லேப்டாப், மவுஸ், அடையாள அட்டை தவிர வேறெதுவும் வேண்டாம். கட்டில், சோபாவில் உட்கார்ந்து எழுத முடியாது. அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். சுவரில் எழுத்துள்ள காலண்டரைக் கழற்றிவிடுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் எழுதலாமா?

முடிந்தவரை வேண்டாம். விபிஎன், நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், நிறுவும் அனுமதி இல்லாதது, மூன்றில் ஒன்று தேர்வு மென்பொருளைத் தடுத்துவிடலாம். சிஸ்டம் டெஸ்ட்டை அதே லேப்டாப்பில், அதே அறையில், தேர்வு நடக்கும் அதே நேரத்தில் செய்து பாருங்கள். இரவு பத்து மணிக்குத் தேறிய இணைப்பு, எல்லோரும் பயன்படுத்தும் மாலையில் திணறலாம். இரண்டாவது மானிட்டரை அணைத்தால் மட்டும் போதாது, கேபிளையே கழற்றுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள்?

தேர்வுக்குத் தேர்வு மாறும். ஜிஆர்இ-யில் சாதாரணத் தாள் கிடையாது. சிறிய வெள்ளைப் பலகையோ, பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு தாளோ, அழிக்கும் மார்க்கருடன். முடிந்ததும் அழித்து கேமராவுக்குக் காட்ட வேண்டும்.