ரெண்டு தேயிலைக்கும் ஒரே விளம்பர வரி சரிவருமா?

"ஹட்டன்ல ஒரு கம்பெனிக்கு விளம்பரம் எழுதுறேன். டூரிஸ்ட்டுக்கு விலை கூடின டின், கடைகளுக்கு டஸ்ட் தேயிலை பக்கெட். ரெண்டுக்கும் 'தரமான, சுவையான தேயிலை'ன்னு எழுதினேன், ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டாங்க."

தம்பி, அந்த வரி எந்த தேயிலைக்கும் பொருந்தும், அதான் பிரச்சினை. பக்கெட் வாங்குற அக்கா மாசச் செலவ கணக்கு பாத்துத்தான் வாங்குவாங்க, அதனால "ஒரு கரண்டி போட்டா நாலு பேருக்கு தேத்தண்ணி, சாயம் குறையாது"ன்னு பேசுற மாதிரியே எழுதுங்க, ஆனா முதல்ல நீங்களே ஊத்தி பாருங்க, மூணு கப்புக்குத்தான் சாயம் வருதுன்னா மூணுன்னே போடுங்க. படத்துல கேத்தல், நாலஞ்சு கப், விலை பெருசா.

டின்னுக்கு விலை, ஆச்சரியக்குறி, "சிறந்த" எதுவும் வேணாம். "நுவரெலியா. கையால பறிச்ச ரெண்டு இலையும் ஒரு மொட்டும்." அவ்வளவுதான், கையால பறிச்சது உண்மையா இருந்தா மட்டும். படத்துல ஒரே ஒரு கப், சுத்தி வெறும் இடம். இங்க சாயத்தப் பத்தி பேசிடாதீங்க, நுவரெலியா தேயிலை வெளிர் நிறமாத்தான் இறங்கும், அதோட பெருமை வாசந்தான்.

எழுதி முடிச்சதும் ரெண்டு வரியையும் இடம் மாத்தி வச்சு பாருங்க, அப்பவும் பொருந்துச்சுன்னா திரும்ப எழுதணும்.