ஒரே பக்கம் ஓடாத சார்ட்டில் கிராஸ்ஓவர் ஏன் ஏமாற்றுகிறது?

கேள்வி: டாலர்–ரூபாய் சார்ட்டில் 9 நாள், 21 நாள் மூவிங் ஆவரேஜ் வெட்டிக்கொள்ளும்போது அம்புக்குறி காட்டும் இண்டிகேட்டரை 12,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். அவர் காட்டிய சார்ட்டில் எல்லா அம்பும் லாபம்தான். நான் ஒரு மாதம் பேப்பரில் போட்டுப் பார்த்தால் வாங்கியதும் இறங்குகிறது, விற்றதும் ஏறுகிறது. வாங்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். இந்த இரண்டு கோடுகளும் எந்த சார்ட் செயலியிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. அம்புக்குறிக்கு மட்டும் 12,000 ரூபாய் அதிகம்.

மாட்டுத்தாவணியில் மல்லி விலையை 9 நாளுக்குச் சராசரி போட்டால் கிடைப்பது இன்றைய விலை அல்ல, நாலு நாளைக்கு முந்தைய நிலவரம். 21 நாள் சராசரி பத்து நாள் பின்தங்கியிருக்கும். விலை ஒரே பக்கம் வாரக்கணக்கில் ஓடினால் இந்தத் தாமதம் பெரிதாக உறுத்தாது. ஓட்டத்தின் நடுப்பகுதி நமக்குக் கிடைத்துவிடும். அவர் காட்டியது அப்படி ஓடிய காலத்து சார்ட்டாக இருக்கும்.

இப்போது விலை 83.20-க்கும் 83.50-க்கும் இடையே அலைபோல வளைந்து வளைந்து ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். ஏற 10 நாள், இறங்க 10 நாள். 21 நாள் சராசரியில் ஒரு முழு அலையே அடங்கிவிடுவதால் அது 83.35-ல் ஏறக்குறைய படுத்தே கிடக்கும். விலை 83.35-ஐத் தாண்டி நாலு நாள் கழித்துத்தான் 9 நாள் கோடு அதை மேலே வெட்டும். அதற்குள் விலை 83.49-க்குப் போயிருக்கும், உச்சி தொட இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அங்கே வாங்குகிறீர்கள். அடுத்த விற்பனை அம்பு வரும்போது விலை 83.21. லாட் ஒன்றுக்கு 1,000 டாலர் என்பதால் 280 ரூபாய் நஷ்டம், புரோக்கரேஜ் தனி. அங்கே விற்றால் மறுபடி 83.49-ல் வாங்க வைத்து இன்னொரு 280 போகும். உங்கள் பேப்பரில் நடந்தது இதேதான்.

ரூபாய் அதிகம் ஆடாமல் ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் தணிப்பதால், இந்த சார்ட்டில் இப்படிப்பட்ட காலங்கள் நீளமாகவே வரும். 2024-ன் முதல் பாதியை எடுத்துப் பாருங்கள். 83-ஐ ஒட்டியே கிடந்தது.

அடையாளம் காண 21 நாள் கோட்டைப் பாருங்கள். அது படுத்திருந்து, விலை அதன் இரு பக்கமும் மாறி மாறிப் போனால் அம்பை நம்பாதீர்கள். ஓட்டத்தின் வலுவை அளக்கும் ADX 20-க்குக் கீழே இருப்பதும் அதையே சொல்லும். ஆனால் அதுவும் சராசரியில் பிறந்ததுதான். புது ஓட்டம் தொடங்கிச் சில நாள் கழித்தே ஏறும். வடிகட்டினால் பொய் சிக்னல் குறையும், நல்ல ஓட்டத்தின் முதல் பகுதியும் கையைவிட்டுப் போகும். பொய் சிக்னலையும் தவிர்த்து, முதல் பகுதியையும் பிடித்துத் தரும் இண்டிகேட்டர் கிடையாது.

இன்னொன்று: 2024 மே முதல், டாலர் வரவோ செலவோ உள்ளவர்கள் அந்த இடர்ப்பாட்டைச் சமாளிக்க மட்டுமே பங்குச்சந்தையின் கரன்சி ஒப்பந்தங்களில் இறங்கலாம். அவர் ஏதாவது வெளிநாட்டுச் செயலியில் கணக்குத் திறக்கச் சொன்னால், ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கும் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயரை முதலில் தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அது அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது.