டார்வின் பிறந்த வீடு: கேள்வி பதில்

டார்வின் சுயசரிதையில் அம்மாவைப் பற்றி ஒரு பத்தி கூட இல்லை. பாசமில்லாத பிள்ளைதானே?

எந்தப் பதிப்பைப் படித்தீர்கள்? அம்மா சூசன்னா 1817 ஜூலையில் இறந்தபோது சார்லஸுக்கு எட்டு வயது. மரணப் படுக்கை, கருப்பு வெல்வெட் அங்கி, விசித்திரமான வேலைப்பாடுள்ள ஒரு மேசை: நினைவில் நிற்பவை இவைதாம் என்கிறார். மகன் பிரான்சிஸ் வெளியிட்ட 1887 பதிப்பில் பேச்சு இதோடு நின்றுவிடும். ஆனால் அடுத்த வரியில் டார்வின் காரணமும் எழுதியிருந்தார். துக்கம் தாளாத அக்காமார்கள் அம்மாவின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை, அம்மாவும் முன்பே நோயுற்றிருந்தார் என்று. பேத்தி நோரா பார்லோ 1958இல் முழுப் பிரதியை வெளியிட்ட பிறகே அந்த வரி வாசகர்களுக்குக் கிடைத்தது. வெட்டுப்பட்ட பதிப்பை வைத்து ஒருவருடைய மனத்தை அளக்காதீர்கள்.

அவரே எழுதியதைவிட நம்பகமான சான்று வேறென்ன வேண்டும்?

அவரே எழுதிய இன்னொன்று. சுயசரிதையை 1876இல், 67 வயதில், தம் பிள்ளைகளுக்காக எழுதினார். அதில் முதல் நினைவு, நான்கு வயது தாண்டிச் சில மாதங்களில் அபெர்கெலே அருகே கடலில் குளிக்கப் போனது. 1838இல், 29 வயதில், எழுதிய குறிப்பிலோ நான்கு வயதுக்கும் முந்தைய நினைவு இருக்கிறது: அக்கா கரோலின் மடியில் உட்கார்ந்திருக்கிறார், அவள் ஆரஞ்சு நறுக்குகிறாள், ஜன்னலோரம் ஒரு மாடு ஓட, இவர் துள்ளியதில் கத்தி பட்டுத் தழும்பாகிவிட்டது. அதே குறிப்பில், தன்னைவிட ஒரு வயது இளைய காதரினுக்கு அம்மா இறந்த நாட்கள் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது, தனக்குத்தான் இல்லை என்கிறார். அதனால் உடன்பிறந்தவர்களைத் தனிச் சாட்சிகளாகத் தேட வேண்டும்.

டார்வின் இருக்கட்டும். என் தாத்தா தாவரவியலாளர். அவர் கடிதக் கட்டில் ஒரே பெயர் பல பேருக்கு வருகிறது. என்ன செய்வது?

டார்வின் குடும்பத்திலும் இதே சிக்கல்தான். எராஸ்மஸ் என்பது சார்லஸின் தாத்தாவின் பெயர், அண்ணனின் பெயரும் அதுவே. தாத்தா 1802இல் இறந்துவிட்டார், அண்ணன் பிறந்தது 1804இல். ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள். அடுத்து, வீட்டில் அழைக்கும் பெயர்: எமிலி காதரின், காதரின் என்றே அழைக்கப்பட்டாள். பெண்களின் கடிதங்களில் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர் குழப்பும். கரோலின் 1837இல் மாமன் மகன் ஜோசையா வெட்ஜ்வுட்டை மணந்து, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையே பெற்றாள். வெட்ஜ்வுட் என்று முடியும் கையொப்பம் அக்காவுடையதாகவும் இருக்கலாம். உறை, ஊர், தேதி மூன்றையும் கடிதத்திலிருந்து பிரித்துவிடாதீர்கள்.

கடிதங்களிலிருந்து வீட்டை மீட்க முடியுமா?

ஓரளவுக்கு. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பெரியில் செவர்ன் ஆற்றங்கரை மேட்டில், ‘தி மவுண்ட்’ என்ற அந்த வீட்டை 1800ஐ ஒட்டி அப்பா ராபர்ட் கட்டினார். கூடவே வாழ்கிறவருக்கு யாரும் வீட்டை விவரித்து எழுதுவதில்லை. சார்லஸ் 1831இலிருந்து 1836 வரை பீகிள் கப்பலில் இருந்ததால்தான் சகோதரிகள் மாறிமாறி வீட்டுச் செய்திகளை எழுதினார்கள். ஆனால் அது 1830களின் வீடு. அம்மா இருந்த வீட்டை அந்தக் கடிதங்களைக் கொண்டு நிரப்பினால் தவறிவிடுவோம். அக்காமார்களின் மௌனம்தான் சார்லஸின் மறதிக்குக் காரணமா என்பதும் எனக்கு இன்னும் தீராத கேள்வி. அப்படியானால் அதே வீட்டில் காதரினுக்கு எப்படி நினைவிருந்தது?