ஒரே பேஜ், மூன்று விளம்பரம்: ஆட்கள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள்?

கேள்வி: ஃபேஸ்புக்கில் மூன்று விதமான விளம்பரம் ஓட்டுகிறேன், மூன்றுக்கும் ஒரே லேண்டிங் பேஜ்தான். கிளிக் வருகிறது, ஆனால் யாரும் பேஜில் நிற்பதில்லை. விளம்பரத்தை மாற்றுவதா, பேஜை மாற்றுவதா?

இரண்டையும் தொடுவதற்கு முன், ஆட்கள் எந்த இடத்தில் போய்விடுகிறார்கள் என்று பாருங்கள். கிளிக்குக்கும் பேஜ் திறப்பதற்கும் நடுவே போகிறவர் உங்கள் பேஜில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவர் போனதற்கு வாசகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பேஜ் திறந்த பிறகு போகிறவர்தான், வந்த விஷயம் இங்கே இல்லை என்று போகிறார்.

டேபிள் டாப் கிரைண்டர் விற்கும் ஒரு கடைக்கு நான் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். மூன்று தீம்: பழைய கிரைண்டருக்கு எக்ஸ்சேஞ்ச், கழுவுவது சுலபம், மாதத் தவணை. ஒவ்வொன்றுக்கும் சுமார் 600 கிளிக். ஆட்ஸ் மேனேஜரில் Link clicks பக்கத்தில் Landing page views வைத்துப் பார்த்தால், எக்ஸ்சேஞ்சிலும் கழுவுவதிலும் 100 கிளிக்குக்கு 78, 79 பேருக்குப் பேஜ் திறந்திருந்தது. தவணை விளம்பரத்தில் 52 பேருக்குத்தான்.

பேஜ் ஒன்றே. அது மெதுவாகத் திறக்கிறது என்றால் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தக் கிளிக் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பிளேஸ்மென்ட் வாரியாகப் பிரித்தபோது தெரிந்தது: தவணை விளம்பரத்தின் கிளிக்கில் பெரும்பகுதி Audience Network, அதாவது கேம் மாதிரியான மற்ற ஆப்களுக்குள் வருவது. கை தவறிப் பட்ட கிளிக்குகள் அங்கே நிறைய இருக்கும். அந்த பிளேஸ்மென்டை எடுத்துவிட்டோம், விகிதம் மற்ற இரண்டின் அருகே வந்துவிட்டது. வாசகத்தில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அடுத்தது பேஜுக்குள். இதற்கு ஒவ்வொரு விளம்பரத்தின் லிங்க்கிலும் தீமின் பெயர் இருக்க வேண்டும்:

```
?utm_source=facebook&utm_medium=paid&utm_campaign=grinder&utm_content=exchange
```

கூகுள் அனலிட்டிக்ஸில், அதாவது GA4-இல், Session manual ad content வாரியாக Engagement rate பாருங்கள். 10 விநாடிக்கு மேல் இருந்தவர், இரண்டாவது பக்கம் போனவர், நீங்கள் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்தவர் எல்லாம் அதில் அடக்கம். மெட்டா எண்ணை GA4 எண்ணால் வகுக்காதீர்கள். இரண்டும் எண்ணும் முறை வேறு. ஒவ்வொன்றுக்குள்ளும் தீமுக்குத் தீம் ஒப்பிட்டால் போதும்.

இந்தக் கடையின் Engagement rate: கழுவுவது 61 சதவீதம், தவணை 55, எக்ஸ்சேஞ்ச் 28. கிளிக் விகிதத்தில் முதலிடம் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் என்பதால் கடைக்காரர் அதில்தான் பணத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தார்.

என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு அந்த லிங்க்கைத் திறந்தேன். முதல் திரையில் லோகோ, கடையின் முகப்புப் படம், பாரம்பரியம் பற்றி ஒரு வரி. மூன்று முறை தள்ளிய பிறகுதான் எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லே வந்தது. அதுவும் "தேர்ந்தெடுத்த மாடல்களுக்கு மட்டும்" என்று. விளம்பரத்திலோ "எந்த கம்பெனி கிரைண்டரானாலும் கொண்டு வாங்க" என்று இருந்தது.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. முதலாவது இடம் சம்பந்தப்பட்டது. பேஜை ஒரு நகல் எடுத்து, முதல் திரையில் விளம்பரத்தின் அதே படம், அதே சொல், "உங்க பழைய கிரைண்டருக்கு என்ன கிடைக்கும்?" என்ற பட்டன் வைத்தோம். கீழே எதையும் மாற்றவில்லை. இன்னும் நாலைந்தை மாற்றியிருந்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போயிருக்கும். இரண்டாவது தவறு விளம்பரத்தில் இருந்தது. கடையால் கொடுக்க முடியாததை அது சொல்லியிருந்தது. அதைப் பேஜை மாற்றிச் சரிசெய்ய வழியில்லை. எந்தெந்த மாடல் என்று விளம்பரத்திலேயே எழுத வைத்தேன். கடைக்காரருக்கு மனசே இல்லை, "கிளிக் குறையும்" என்றார். குறையத்தான் செய்தது. ஆனால் Engagement rate 54-க்கு வந்தது, விசாரித்து வரும் வாட்ஸ்அப் செய்திகளும் முன்பைவிடக் கூடின.

ஒரு எச்சரிக்கை. தேடி வந்தது கிடைக்காமல் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பவரும் 10 விநாடி தாண்டிவிடுவார், GA4 அவரையும் நல்ல கணக்கில் சேர்த்துவிடும். அதனால் விகிதம் நன்றாக இருந்தும் பட்டனை யாரும் அழுத்தாத தீம் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஒரு தீமுக்கு ஐம்பது அறுபது பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், இன்னும் சில நாள் ஓடட்டும்.

உங்கள் மூன்று விளம்பரத்துக்கும் இந்த இரண்டு விகிதங்களையும், ஒவ்வொன்றிலும் போனில் தெரியும் முதல் திரையின் படத்தையும் இங்கே கமென்டில் போடுங்கள். எதைத் தொட வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம்.